வெள்ளிக்கிழமை கடையே பூட்டு, ஆனால் ஹீட்மேப் "வெள்ளி மாலை 6 மணி" என்கிறது. எங்கே பிழை?

கருவாட்டுக்கடை

எல்லோருக்கும் வணக்கம். நானும் தம்பியும் அலஸ்தோட்டத்தில் வீட்டோடு சேர்த்து மீன், கருவாடு விற்கிறோம், பேஸ்புக் பக்கத்தில் படம் போட்டு ஓடர் எடுத்து டவுன் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. எந்த நாள், எந்த மணிக்குப் போட்டால் நன்றாகப் போகிறது என்று பார்க்கலாம் என்று ஜனவரி முதல் செப்டம்பர் 2025 வரையான பதிவுகளை Meta Business Suite-இல் இருந்து CSV ஆக இறக்கினேன். 214 பதிவு இருக்கிறது. கூகிள் ஷீட்டில் போட்டு, Publish time என்ற நிரலில் இருந்து நாளையும் மணியையும் தனியாகப் பிரித்து, பிவட் டேபிளில் மணியை வரிசையாகவும் நாளைத் தலைப்பாகவும் வைத்து, நடுவில் லைக், கொமெண்ட், ஷேர் எல்லாம் சேர்ந்த எண்ணைக் கூட்டி, நிறமும் கொடுத்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பிரச்சினை என்னவென்றால் நல்ல பச்சையாக வந்த கட்டங்களில் இரண்டு, வெள்ளி மாலை 5 மணியும் 6 மணியும். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்குமேல் வெள்ளிக்கிழமை மரக்கறி, அன்றைக்கு நாங்கள் மீனே எடுப்பதில்லை, பக்கத்தில் ஒன்றும் போடுவதும் இல்லை. இல்லாத பதிவுக்கு எப்படி லைக் வரும்? தம்பி சொல்கிறான் பேஸ்புக்குக்குப் பைத்தியம் என்று.

கிண்ணியாப்பாலம்

ஹீட்மேப் என்றால் ஆட்கள் பக்கத்தில் எந்த இடத்தைத் தட்டுகிறார்கள் என்று சிவப்பாகக் காட்டுமே அதுதானே? அதற்கு இணையதளத்தில் ஒரு துண்டுக் கோட் போடவேண்டும். பேஸ்புக் பக்கத்தில் அதைப் போட முடியாது அக்கா, முதலில் சொந்தமாக ஒரு சைட் திறவுங்கள்.

கருவாட்டுக்கடை

இல்லைத் தம்பி, அது வேறு. இது வெறும் அட்டவணைதான், மேலே ஏழு நாள், பக்கத்தில் 24 மணி, எண் பெரிதான கட்டத்துக்கு நிறம் கூட.

கிண்ணியாப்பாலம்

ஓ அதுவா. மன்னிக்கவும். என்றாலும் பார்க்கிறேன், எனக்கும் தேவைப்படும்.

கணக்கப்பிள்ளை

தங்கச்சி, ஒரு கேள்வி. சனிக்கிழமை காலையில் நீங்கள் எத்தனை மணிக்குப் படம் போடுவீர்கள்?

கருவாட்டுக்கடை

மீன் வந்தவுடன். ஆறரை, ஆறே முக்கால் இருக்கும். சனியும் ஞாயிறும்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். அட, இப்போதுதான் கவனிக்கிறேன், என் அட்டவணையில் சனி காலை 6 மணிக் கட்டம் வெறுமையாக இருக்கிறது!

கணக்கப்பிள்ளை

அதுதான். உங்கள் வெள்ளி மாலை 6 மணி என்பது நம்முடைய சனி காலை ஆறரை. இறக்கிய கோப்பில் இருக்கும் நேரம் திருகோணமலை நேரம் இல்லை, அமெரிக்க மேற்குக் கரை நேரம். நான் சொல்வதை நம்பவேண்டாம், நீங்களே பாருங்கள். ஜூன் மாதத்தில் போட்ட, நேரம் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பதிவை எடுங்கள். பேஸ்புக் பக்கத்தில் அதன் நேரத்தையும் கோப்பில் அதே பதிவின் நேரத்தையும் அருகருகே எழுதிக் கழியுங்கள். அதே மாதிரி பெப்ரவரிப் பதிவு ஒன்றையும் பாருங்கள். இரண்டும் வந்த பிறகு பேசுவோம்.

கருவாட்டுக்கடை

பார்த்தேன். ஜூன் பதிவு, நான் போட்டது இரவு 7.30, கோப்பில் அதே நாள் காலை 7.00. பெப்ரவரிப் பதிவும் இரவு 7.30க்குப் போட்டதுதான், ஆனால் கோப்பில் காலை 6.00. ஒன்று பன்னிரண்டரை மணி வித்தியாசம், மற்றது பதின்மூன்றரை. இது என்ன கோலம்?

கணக்கப்பிள்ளை

சரியாகத்தான் வந்திருக்கிறது. நாங்கள் வருடம் முழுக்க 5.30 முன்னால். அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள். 2025இல் அது மார்ச் 9, நவம்பர் 2. ஆகவே எல்லா வரிக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் ஜனவரி, பெப்ரவரிப் பதிவெல்லாம் ஒரு மணி தள்ளிப் போய் விழும். உங்களுக்கு வெள்ளி 5, வெள்ளி 6 என்று இரண்டு பச்சை பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் அதனால்தான், இரண்டும் ஒரே சனிக்கிழமைக் காலைதான், ஒன்று குளிர்காலம், மற்றது கோடை.

Publish time G நிரலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். L இடத்தில் புதிதாக ஒரு வெற்று நிரலைச் செருகி, அதில் இதைப் போட்டு கீழ்வரை இழுங்கள்:

```
=G2+IF(AND(G2>=DATE(2025,3,9),G2<DATE(2025,11,2)),12.5,13.5)/24
```

24ஆல் பிரிப்பது ஏனென்றால் ஷீட்டுக்கு ஒரு முழு நாள்தான் 1. பிறகு நாளையும் மணியையும் G இல் இருந்து எடுக்காமல் இந்த L இல் இருந்து எடுங்கள். நாளுக்கு இப்படி எழுதினால் முன்னால் ஒரு எண் நிற்கும்:

```
=WEEKDAY(L2,2)&" "&TEXT(L2,"ddd")
```

அந்த எண் இல்லாவிட்டால் ஷீட்டின் பிவட் நாட்களை அகர வரிசையில் அடுக்கி, வெள்ளிக்குப் பக்கத்தில் திங்களைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஒன்று இன்னும் சொல்கிறேன், File > Settings இல் Time zone என்பதைக் கொழும்பு என்று மாற்றினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று ஆட்கள் நினைப்பார்கள். ஏற்கெனவே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை அது தொடாது.

திருமலைக்காற்று

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் 12.5 கூட்டுங்கள் போதும், ஒரு மணி முன்னே பின்னே போனால் என்ன, நாங்கள் ரயிலா விடுகிறோம். பிவட்டில் SUM போட்டிருக்கிறீர்கள், அதுவும் சரி, மொத்தமாக எந்த மணி கூட லைக் கொண்டுவந்ததோ அதுதான் நல்ல மணி.

கணக்கப்பிள்ளை

முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது தம்பி. மூன்று மணிக்கு ஒரு பட்டையாகச் சேர்க்கப்போகிறோம் என்றால் ஒரு மணி வித்தியாசம் பெரும்பாலும் அதற்குள் அமுங்கிவிடும், பட்டையின் ஓரத்தில் விழுவதுதான் தப்பும். SUM மட்டும் இல்லை. அவர்கள் சனி காலை 31 முறை போட்டிருக்கிறார்கள், திங்கள் மத்தியானம் இரண்டு முறை போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கூட்டினால் சனி காலைதான் வெல்லும். அது உங்கள் வாடிக்கையாளர் சொன்ன பதில் இல்லை, நீங்கள் எப்போது கூடப் போடுகிறீர்கள் என்று உங்களுக்கே திருப்பிச் சொல்கிற பதில்.

திருமலைக்காற்று

சரி, அப்போது AVERAGE.

கணக்கப்பிள்ளை

அதைவிட நல்லது. ஆனால் தங்கச்சி, நாள், மணி எல்லாம் திருத்திய பிறகு AVERAGE போட்டு, மிகப் பச்சையான கட்டத்தை எடுத்து அதற்குள் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தக் கட்டத்தின்மேல் இரண்டு தரம் தட்டினால் தனிப் பக்கத்தில் அந்த வரிகள் மட்டும் திறக்கும்.

கருவாட்டுக்கடை

பார்த்தேன், சிரிப்பாகவும் இருக்கிறது. மிகப் பச்சை செவ்வாய் இரவு 8 மணி. உள்ளே நாலே நாலு பதிவு. 38, 45, 41, பிறகு 2,960. அந்தக் கடைசி எண், வலையில் பெரிய திருக்கை ஒன்று மாட்டிய வீடியோ, யாரோ எங்கோ பகிர்ந்து அது ஊர் முழுக்கப் போனது. அதனால் சராசரி 771. திருக்கையை எடுத்துவிட்டால் 41தான்.

கணக்கப்பிள்ளை

எடுக்கவேண்டாம், பிடிக்காத வரியை எல்லாம் எடுக்கத் தொடங்கினால் அதற்கு முடிவில்லை. கூகிள் ஷீட் பிவட்டில் Summarize by என்ற இடத்தில் MEDIAN இருக்கிறது, எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுக்கும், அதைத் தெரிவு செய்யுங்கள். அந்தக் கட்டம் 43 ஆகிவிடும். எக்செல்லின் சாதாரணப் பிவட்டில் MEDIAN கிடையாது, அங்கே இருப்பவர்கள் வேறு வழி பார்க்கவேண்டும்.

ரோல்ஸ்கடை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இந்த இழையைப் பார்த்துவிட்டு நானும் எங்கள் பக்கத்துக் கோப்பை இறக்கினேன், NC ரோட்டில் ஷோர்ட் ஈட்ஸ் கடை, மே மாதம்தான் பக்கம் தொடங்கினோம். எனக்கு எக்செல்தான் பழக்கம். நாளைப் பிரித்தால் பாதிக்கு மேல் #VALUE! வருகிறது. அந்த வரிகளை அழித்துவிட்டுப் பார்த்தேன், இப்போது ஹீட்மேப் ஒழுங்காக வருகிறது, ஆனால் மணி எல்லாம் நம்பும்படி இருக்க, நாட்கள் மட்டும் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கிறது. ஞாயிறு எங்களுக்கு பூட்டு, அதிலும் எண் நிற்கிறது. நீங்கள் சொன்ன நேர விஷயமா?

கணக்கப்பிள்ளை

மிச்சம் இருக்கும் தேதிகளைப் பார்த்துச் சொல்லுங்கள். நாள் எண்கள் என்னென்ன? மாதங்கள் என்னென்ன?

ரோல்ஸ்கடை

மாதம் ஜனவரி முதல் டிசம்பர் வரை எல்லாம் இருக்கிறது. நாள் எண் 5, 6, 7, 8, 9 மட்டும். ஐயோ, மே முதல் செப்டம்பர்! தலைகீழாகப் படித்திருக்கிறதா?

கணக்கப்பிள்ளை

ஆமாம். கோப்பு மாதத்தை முதலில் எழுதுகிறது, உங்கள் கணினி நாளை முதலில் எதிர்பார்க்கிறது. 06/07/2025 என்றால் ஜூன் 7, உங்கள் எக்செல் ஜூலை 6 என்று எடுத்துக்கொண்டது, ஒரு சத்தமும் போடாது. 06/14/2025 வந்தால் 14ஆம் மாதம் என்று ஒன்று இல்லை, ஆகவே எழுத்தாகவே விட்டுவிட்டது, அதுதான் #VALUE!. நீங்கள் பிழை என்று அழித்த வரிகள்தான் கெடாமல் இருந்தவை, நல்லவை என்று வைத்துக்கொண்டவைதான் கெட்டவை. (ஜூன் 6 மாதிரி இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தவை மட்டும் தப்பியிருக்கும்.)

CSV கோப்பை இரண்டு தட்டுத் தட்டித் திறக்கவேண்டாம். வெறும் எக்செல்லைத் திறந்து Data > From Text/CSV வழியாகக் கொண்டுவாருங்கள், Transform Data தட்டுங்கள். வலது பக்கத்தில் Changed Type என்று தானாக ஒரு படி போட்டிருந்தால் அதை அழியுங்கள். பிறகு Publish time தலைப்பில் வலது கிளிக், Change Type > Using Locale, அதில் Date/Time, English (United States). ஷீட் பாவிப்பவர்கள் File > Settings இல் Locale என்பதை United States ஆக்கிவிட்டுப் பிறகு கோப்பை ஏற்றவேண்டும், ஏற்றிய பிறகு மாற்றிப் பயனில்லை. கருவாட்டுக்கடைத் தங்கச்சிக்கு அது ஏற்கெனவே அப்படி இருந்ததால் தப்பினார்.

ரோல்ஸ்கடை

செய்தேன், ஒரு #VALUE! கூட இல்லை. அழித்ததை எல்லாம் மறுபடி இறக்கிக் கொண்டுவந்தது வேறு கதை. ஆனால் இன்னும் ஞாயிறு மாலையில் கொஞ்சம் நிற்கிறது.

கணக்கப்பிள்ளை

அது இப்போது நேர விஷயம். திங்கள் காலைப் பதிவுகள். உங்கள் பக்கம் மே மாதம்தான் தொடங்கியது, ஆகவே உங்களுக்கு வெறும் 12.5 போதும்.

கருவாட்டுக்கடை

நான் MEDIAN போட்டேன். ஆனால் அட்டவணை பூச்சி அரித்த மாதிரி இருக்கிறது, பாதிக் கட்டம் வெறுமை, இருக்கிற கட்டத்திலும் பலதில் ஒரே ஒரு பதிவு. புதன் இரவு 11 மணி கடும் பச்சை, உள்ளே பார்த்தால் தம்பி நித்திரை வராமல் போட்ட ஒரு நண்டுப் படம்.

கணக்கப்பிள்ளை

7ஐ 24ஆல் பெருக்கினால் 168 கட்டம், உங்களிடம் 214 பதிவு, கட்டத்துக்கு ஒன்றரை கூட வராது. மணிகளை மூன்று மூன்றாகக் கட்டுங்கள்:

```
=FLOOR(HOUR(L2),3)
```

6 என்று வந்தால் 6 மணியில் இருந்து 8.59 வரை. இப்போது 56 கட்டம். இன்னும் வெறுமை இருக்கும், பரவாயில்லை. முக்கியமானது இது: அதே வரிசை, அதே தலைப்போடு இரண்டாவது பிவட் ஒன்றை அதே பக்கத்தில், வலது புறம் வையுங்கள், அதில் COUNTA மட்டும். கீழே வைத்தால் மேலே இருப்பது வளரும்போது இடிக்கும். முதல் பிவட் A1 இலும் இரண்டாவது L1 இலும் தொடங்கினால், எண்கள் முறையே B3, M3 இல் தொடங்கும். இப்போது முதல் பிவட்டின் நிறவிதிகளில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி, Custom formula:

```
=M3<5
```

இதற்கு வெளிர் சாம்பல் நிறம். ஐந்து பதிவுக்குக் குறைந்த கட்டம் எல்லாம் சாம்பலாகிவிடும், நண்டும் போய்விடும். ஐந்து என்பது வேதவாக்கு இல்லை, நான் பாவிக்கிற கணக்கு. பச்சை விதி இதற்குக் கீழே வரட்டும், Grand Total வரியையும் நிரலையும் அதற்குள் சேர்க்கவேண்டாம்.

கடைசி ஏழு நாள் பதிவுகளையும் காசு கட்டி பூஸ்ட் செய்தவற்றையும் இரண்டு பிவட்டின் வடிகட்டியிலும் எடுத்துவிடுங்கள். நேற்றுப் போட்டதற்கு இன்னும் லைக் வந்து முடியவில்லை, பூஸ்ட் செய்ததற்கு வந்தது காசுக்கு வந்தது.

டொராண்டோவான்

நான் திருமலைதான், இப்போது கனடா. ஒரு சந்தேகம். நாங்கள் இங்கே இருந்து உங்கள் மாதிரிப் பக்கங்களைப் பார்த்து மீன் படத்துக்கு ஏங்கி லைக் போடுகிறவர்கள். அங்கே இரவு 8 என்றால் கோடையில் எங்களுக்குக் காலை 10.30, வேலையில் தேநீர் நேரம். உங்கள் பச்சைக் கட்டம் நாங்கள் போட்ட பச்சையாக இருக்கலாம், நாங்கள் ஒரு கிலோ பாரை கூட வாங்கமாட்டோம். பதிவு வாரியாக நாடு பிரித்துக் கோப்பில் தெரியுமா?

கருவாட்டுக்கடை

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் இறக்கிய கோப்பில் அப்படி ஒரு நிரல் இல்லை. எனக்கு வேண்டியது ஓடர், லைக் இல்லை.

கணக்கப்பிள்ளை

நாடு பிரிக்க முடியாவிட்டால் எண்ணை மாற்றுங்கள். வாங்குகிறவர் என்ன செய்வார், "கிலோ எவ்வளவு", "பாலையூற்றுக்கு வருவீர்களா" என்று கொமெண்ட் போடுவார். Comments தனி நிரலாக இருக்கிறது, அதன் MEDIAN ஐ எடுங்கள்.

அதோடு பதிவின் வகையையும் பிரிக்கவேண்டும். காலையில் எப்போதும் மீன் வந்த படம், இரவில் எப்போதும் சமையல் வீடியோ என்றால், காலையும் இரவும் என்று நீங்கள் ஒப்பிடுவது உண்மையில் படத்தையும் வீடியோவையும்தான். கோப்பில் இருக்கும் Post type படமா வீடியோவா என்றுதான் சொல்லும், மீன் வரவா, சமையலா, வேறு அறிவிப்பா என்று சொல்லாது. அதைக் கையால் எழுதத்தான் வேண்டும். 214 வரிதான், ஒரு பின்னேரம் இருந்தால் முடியும்.

திருமலைக்காற்று

கொமெண்ட் என்றாலும் "ஆஹா", "நைஸ்" என்று வருமே. Reach ஆல் பிரித்து வீதம் எடுத்தால்தானே நியாயம்? 5,000 பேர் பார்த்துப் பத்துக் கொமெண்டும் 300 பேர் பார்த்துப் பத்துக் கொமெண்டும் ஒன்றா?

கணக்கப்பிள்ளை

இதில் உங்களோடு நான் பாதிக்குப் பாதி. வீதம் எடுத்தால் படம் எவ்வளவு ஈர்த்தது என்று தெரியும், ஆனால் நல்ல நேரத்தில் போட்டதன் பலனே கூடப் பேருக்குப் போய்ச் சேர்வதுதான் என்றால், Reach ஆல் பிரித்து அந்தப் பலனை நீங்களே கழித்துவிடுகிறீர்கள். நான் வியாபாரப் பக்கத்துக்கு எண்ணிக்கையாகவே பார்ப்பேன். வீதம்தான் சரி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முட்டாள்கள் இல்லை.

கருவாட்டுக்கடை

மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று இரவு தம்பி வாசிக்க வாசிக்க நான் வகை எழுதினேன். பூஸ்ட் செய்தது 11, கடைசி வாரம் 6, இரண்டையும் எடுத்தால் 197 பதிவு. 56 கட்டத்தில் சாம்பல் ஆகாமல் தப்பியது 13 மட்டும்.

மீன் வரவுப் பதிவுகளை மட்டும் வைத்துக் கொமெண்ட் MEDIAN பார்த்தால் சனி 6 முதல் 9க்குள் 14 (31 பதிவு), ஞாயிறு அதே நேரம் 9 (33 பதிவு), புதன் அதே நேரம் 5 (22 பதிவு). லைக்கைப் பார்த்தபோது இரவு சமையல் வீடியோதான் எல்லாவற்றையும் விட மேலே நின்றது, கொமெண்டுக்கு மாற்றியதும் அது ஒரேயடியாகக் கீழே போய்விட்டது. வியாழன் இரவு சமையலுக்கு லைக்கும் எல்லாமும் சேர்த்து MEDIAN 52, கொமெண்ட் மட்டும் என்றால் 2. வெள்ளி முழுக்கச் சாம்பல், நிம்மதி.

ஆனால் நான் உண்மையில் தெரிந்துகொள்ள நினைத்தது, மீன் வரவை முதல் நாள் மாலையிலேயே "நாளைக் காலை அறக்குளா வரும், இப்போதே சொல்லிவையுங்கள்" என்று போட்டால் எப்படி என்பது. அப்படிப் போட்டது ஒன்பது மாதத்தில் நாலே நாலு தரம், அதுவும் வேறு வேறு நாள். சாம்பலாக நிற்கிறது.

கணக்கப்பிள்ளை

அதற்குப் பிவட்டில் பதில் இல்லை, போடாத பதிவை அது எண்ணாது. அடுத்த எட்டு வாரம், ஒரு கிழமை வெள்ளி மாலை 7 மணிக்கு முன்னறிவிப்பு, அடுத்த கிழமை வழமை போல சனி காலை, இப்படி மாறி மாறிப் போடுங்கள். ஒவ்வொரு விதத்துக்கும் நாலு வரும். அதற்குள் நவம்பர் 2 வரும், சூத்திரத்தில் அந்தத் தேதி இருக்கிறதுதானே, தொடவேண்டாம்.

கருவாட்டுக்கடை

வெள்ளி மாலை மீன் படமா? அம்மா ஏசுவார்.

ரோல்ஸ்கடை

படம் போடாமல் எழுத்தில் மட்டும் போடுங்கள் அக்கா.

திருமலைக்காற்று

அப்போது வகை வேறாகிவிடுமே. எழுத்தும் படமும் ஒன்றில்லை என்று அண்ணா இப்போதுதானே சொன்னார்.

கணக்கப்பிள்ளை

தம்பி பிடித்துவிட்டார். அப்படியானால் அந்த எட்டு வாரமும் சனி காலையிலும் எழுத்தில்தான் போடவேண்டும், அது சனி வியாபாரத்தைக் குறைக்கும். எனக்கும் இதற்கு நல்ல வழி தெரியவில்லை.

மழையையும் எண்ணுங்கள். நவம்பரில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் வள்ளம் போகாத நாட்கள் வரும், அந்த வாரத்துப் பதிவை ஒப்பீட்டில் சேர்த்தால் நேரத்தின் குற்றமா மீனில்லாத குற்றமா என்று பிரிக்க முடியாது.

கருவாட்டுக்கடை

சரி, ஞாயிறில் பரீட்சித்துப் பார்க்கிறேன். சனி மாலை 7 மணி படத்தோடு ஒரு கிழமை, ஞாயிறு காலை ஒரு கிழமை. சனி மாலை யாரும் ஏசமாட்டார்கள். வள்ளம் போகாத கிழமைக்கு ஷீட்டில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன், தம்பி அதற்குத் தலைப்பாக "காற்று" என்று எழுதிவிட்டான்.